டிரையர்ல சுருங்குன காட்டன் டி-ஷர்ட்ட பழைய அளவுக்கு இழுக்க முடியுமா?

மாயவரம்_வித்யா
எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசி மழைல நாலு நாளா துணி காயவே இல்ல, வீடு பூரா ஈர வாடை, சரின்னு ஒரு மூட்டை கட்டி கும்பகோணத்துல ஒரு லாண்டரில குடுத்தேன், மெஷின்ல சுடுதண்ணில துவைச்சு டிரையர்ல காயவெச்சு குடுத்தாங்க. மத்ததெல்லாம் பரவால்ல. தம்பியோட நேவி ப்ளூ டி-ஷர்ட் ஒண்ணு, சுத்தமான காட்டன், போட்டா தொப்புளுக்குக் கீழ ரெண்டு விரல்தான் நிக்குது. கைய தூக்குனா வயிறு தெரியுது. அவன் நல்ல உயரம், அவனுக்கு நீளம் சரியா அமையறதே கஷ்டம்.

ஒரு விஷயம், அதே டி-ஷர்ட் அதே சைஸ்ல ரெண்டு வாங்கிருந்தோம். இன்னொண்ணு வீட்லயே பச்சத்தண்ணில கையால துவைச்சு கொடில போட்டது, அது இன்னும் நல்லா இருக்கு. ரெண்டையும் பாய்ல பக்கத்துல பக்கத்துல வெச்சு டேப்பால அளந்தேன். நல்லா இருக்கறது தோள்ல கழுத்தோரத்துலருந்து கீழ் மடிப்பு வரைக்கும் 71 செ.மீ., அக்குளுக்கு அக்குள் 53. சுருங்குனது நீளம் 66, அகலம் 52. நீளத்துல 5 செ.மீ. போயிருக்கு, அகலத்துல 1தான். ஏன் இப்படி ஒரு பக்கமா மட்டும் சுருங்குது? இத திருப்பி இழுக்க வழி இருக்கா? நெட்ல ஹேர் கண்டிஷனர் போட்டு ஊறவெக்க சொல்றாங்க, துணி வீணாயிடுமோன்னு பயமா இருக்கு.

குடந்தை_பாலா
அக்கா பயப்படாம பண்ணுங்க, நான் பண்ணிருக்கேன், வேலை செய்யும். சூடு பட்டா காட்டன் நார் உள்ளுக்குள்ள சுருண்டு பூட்டிக்கும், கண்டிஷனர் போட்டா அந்த பூட்டு விடும், முடி சிக்கு எடுக்கற மாதிரிதான். அரை பக்கெட் வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு ஸ்பூன் கண்டிஷனர், அரை மணி நேரம் ஊறவெச்சு மெதுவா இழுங்க. என் மேல் சட்டை ஒண்ணு கிட்டத்தட்ட பழைய மாதிரியே வந்துடுச்சு. ஒரு தடவை நார் தளர்ந்துட்டா அப்புறம் சுருங்காது.

நாகை_அப்துல்
எனக்கும் இதே கதைதான். கொடைக்கானல் போனப்ப வாங்குன கம்பளி ஸ்வெட்டர், வீட்டு மெஷின்ல சுடுதண்ணி மோடுல தவறிப் போட்டுட்டேன், இப்ப எங்க அக்கா பையனுக்கு, ஆறு வயசு, அவனுக்குத்தான் சரியா இருக்கு. தொட்டா கெட்டியா தகடு மாதிரி ஆயிடுச்சு. பாலா தம்பி சொல்ற மாதிரி பண்ணா இதுவும் வருமா?

நிட்_ராஜா
அப்துல் பாய், அது வேற, இது வேற. கம்பளி முடி, ஒவ்வொரு இழைலயும் மீன் செதில் மாதிரி செதில் இருக்கும், சூடு, சோப்பு, குலுக்கல் மூணும் சேந்தா அந்த செதிலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு உள்ள நோக்கி நகந்து இறுகிடும். தகடு மாதிரி ஆயிடுச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அந்த நிலைக்கு வந்தத பிரிக்க முடியாது. லேசா இறுகுனதுன்னா கொஞ்சம் வரும், உங்களுது தாண்டிருச்சு.

வித்யாம்மா, நான் 14 வருசம் திருப்பூர்ல நிட்டிங் துணி காம்பாக்டிங் யூனிட்ல வேலை பாத்தேன், இப்ப குத்தாலம் பக்கம் ஊரோட வந்துட்டேன். நீங்க ரெண்டு சட்டையையும் அளந்து போட்டது ரொம்ப நல்ல காரியம், அதுலயே பாதி பதில் இருக்கு.

காட்டன் நார் சுருங்கறதில்ல. நனைஞ்சா தடிமன்ல ஊதும், நீளத்துல சொல்லிக்கற அளவுக்கு ஒண்ணும் ஆகாது. சுருங்குனது துணியோட வளையம். பனியன் துணின்னா நூல் வளையம் வளையமா கோத்துக்கிட்டு இருக்கும்ல, சாயப்பட்டறைல அந்த துணிய கயிறு மாதிரி இழுத்து இழுத்து ஓட்டுவாங்க, பிழிவாங்க, அப்ப எல்லா வளையமும் நீளவாக்குல ஒல்லியா நீண்டுரும். அப்படியே காய்ஞ்சா அந்த ஒல்லி வடிவத்துலயே நிக்கும். அதனாலதான் கடைசில எங்க யூனிட்டுக்கு வரும், நாங்க நீராவி குடுத்து துணிய நீளவாக்குல உள்ள தள்ளி தள்ளி விடுவோம், அதுதான் காம்பாக்டிங். சரியா தள்ளுனா கஸ்டமர் வீட்ல துவைச்சாலும் பெருசா சுருங்காது. ஆர்டர் அவசரம்னாலோ மீட்டர் கூட காட்டணும்னாலோ கம்மியா தள்ளிட்டு அனுப்பிடுவாங்க. அந்த மிச்சம் சட்டைக்குள்ள கடன் மாதிரி உக்காந்திருக்கும்.

உங்க டிரையர் புதுசா எதையும் சுருக்கல, அந்த கடன வசூல் பண்ணிடுச்சு. சுடுதண்ணில நூல் ஊதுது, ட்ரம்ல விழுந்து புரண்டு குலுங்கறப்ப வளையம் தன் இயல்பான உருண்ட வடிவத்துக்கு வந்து, அங்கயே காய்ஞ்சுருது. அதனாலதான் நீளம் 7 சதவீதம் போச்சு, அகலம் 2 சதவீதம் கிட்டதான் போச்சு. நீளவாக்குலதான் இழுத்து வெச்சிருந்தாங்க. கொடில போட்டது ஏன் தப்பிச்சுதுன்னா ஈர சட்டையோட கனமே கீழ இழுத்துப் புடிச்சுக்கும், குலுக்கலும் கிடையாது.

பாலா தம்பி, வேலை செய்யும்னு சொன்னது சரி. காரணம்தான் சரியில்ல, திரும்ப சுருங்காதுன்னு சொன்னதும் சரியில்ல.

குடந்தை_பாலா
அண்ணே அப்ப கண்டிஷனர் எதுக்கு? சும்மா தண்ணில நனைச்சு இழுத்தா வருமா? நான் முன்னாடி பச்சத்தண்ணில ட்ரை பண்ணி வரல, கண்டிஷனர் போட்டப்பதான் வந்துச்சு.

நிட்_ராஜா
கண்டிஷனர்ல இருக்கற வழுவழுப்பு நூல் மேல ஒட்டிக்கும், நூலும் நூலும் உரசறது குறையும், இழுத்தா சுலபமா வழுக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. பூட்டு சாவியெல்லாம் கிடையாது, பஞ்சுல செதிலே இல்லையே. நீங்க மொத தடவை எவ்ளோ நேரம் ஊறவெச்சீங்க, எப்படி காய வெச்சீங்க? நிறைய பேர் நனைச்சு இழுத்துட்டு திரும்ப சும்மா கொடில தொங்க விட்டுட்டு வரலம்பாங்க. இழுக்கறது பாதி வேலைதான், இழுத்த அளவுல காய வெக்கறதுதான் மீதி.

மாயவரம்_வித்யா
ராஜாண்ணே ரொம்ப நன்றி, கடன் வசூல்னு சொன்னது நல்லா புரிஞ்சுது. அப்ப எப்படி பண்ணனும்னு ஒரு தடவை விளக்கமா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை பண்ணிப் பாக்கறேன். எங்கிட்ட பெரிய டேபிள் எல்லாம் இல்ல, பாய்தான்.

நிட்_ராஜா
பாயே போதும்மா. கோரைப்பாய் சாயம் ஒட்டும், அதனால மேல ஒரு பழைய வெள்ளை வேட்டிய நாலா மடிச்சு விரிச்சுக்குங்க. வேட்டி மேல பென்சில்ல ரெண்டு கோடு போடுங்க, நடுவுல 73 செ.மீ. இருக்கணும். உங்களுக்கு வேண்டியது 71, ஆனா கைய விட்டதும் கொஞ்சம் உள்ள போகும், அதுக்காக 2 கூட.

அரை பக்கெட் வெதுவெதுப்பான தண்ணி, கை வெச்சா சூடு தெரியக்கூடாது. கண்டிஷனர் ரெண்டு டேபிள்ஸ்பூன் கரைச்சு சட்டைய அமுக்கி அரை மணி நேரம். நூல் நடு வரைக்கும் நனையணும், அதுக்குத்தான் இந்த நேரம், சும்மா முக்கி எடுத்தா மேல் தோல்தான் நனையும். அப்புறம் அலசாதீங்க, முறுக்கிப் பிழியவும் கூடாது, ஒரு டவல்ல வெச்சு சுருட்டி மேல கைய வெச்சு அமுக்குங்க. சொட்டக்கூடாது, ஆனா நல்லா ஈரமா இருக்கணும்.

வேட்டி மேல போட்டு இழுக்கறப்ப விரல் நுனியால புடிக்கக்கூடாது, அந்த இடம் மட்டும் மூக்கு மாதிரி நீட்டிக்கும். ஒரு உள்ளங்கைய தோளுக்கு கீழ அகலமா அமுக்கிட்டு இன்னொரு உள்ளங்கையால கீழ நோக்கி தடவி இழுங்க, சாணம் மெழுகற மாதிரி. ஒரு சாண் அகலத்துக்கு ஒரு தடவை, இடமிருந்து வலம். முன்பக்கமும் பின்பக்கமும் சேத்தே போகணும். ஒரே இழுப்புல 5 செ.மீ.க்கு போகாதீங்க. கழுத்துப் பட்டிய தொடவே வேணாம், அது அகண்டா திரும்பாது. தோள் தையலையும் இழுக்காதீங்க, நிறைய சட்டைல அதுக்குள்ள நாடா வெச்சு தெச்சிருப்பாங்க.

கோடு வந்ததும் கீழ் மடிப்பு மேல நீளமா ஏதாவது கனம் வைங்க, அரிசி போட்ட துணிப்பை சரியா இருக்கும். ஃபேன் போட்டு விடுங்க. மொத ரெண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை தடவி இழுத்து கோட்டுக்கு கொண்டு வாங்க. முக்கால்வாசி காய்ஞ்சதும் இஸ்திரி பெட்டி காட்டன் சூட்டுல, நீளவாக்குல மட்டும், ஒரு கையால மெதுவா இழுத்துக்கிட்டே. அந்த சூட்டுல தண்ணி போறப்ப இருக்கற வடிவத்துலயே நூல் நின்னுக்கும்.

எப்ப நிறுத்தணும்னா தையல் பக்கத்துல சின்ன சின்ன ஓட்டை மாதிரி தெரிஞ்சாலோ, நூல் படக்குன்னு சத்தம் குடுத்தாலோ அப்பவே. இன்னொண்ணு, இழுத்துட்டு கைய எடுத்ததும் உடனே ரப்பர் மாதிரி திரும்பிப் போச்சுன்னா அதுக்கு மேல அது வராது, மல்லுக்கட்டக்கூடாது.

திருவாரூர்_ஜெயந்தி
நான் தையல் கடை வெச்சிருக்கேன், ராஜா சார் சொல்றது எல்லாம் எனக்கு ஜாக்கெட்ல தினம் பாக்கற விஷயம். மேல் துணி பட்டு, உள்ள லைனிங் காட்டன், லைனிங்க ராத்திரி முழுக்க தண்ணில ஊறவெச்சு காயவெச்சு இஸ்திரி போட்டுத்தான் வெட்டுவேன். ஒரு தடவை கல்யாண அவசரம், ஊறவெக்காம தெச்சுக் குடுத்துட்டேன், அந்தம்மா வீட்ல ஒரு தடவை நனைச்சதும் லைனிங் உள்ள சுருங்கி கை குழி பூரா கொசுவம் கொசுவமா ஆயிடுச்சு. இழுத்து இஸ்திரி போட்டு குடுத்தேன், அடுத்த நனைப்புல மறுபடி அப்படியே. கடைசில பிரிச்சு வேற லைனிங் வெச்சேன். அதனால நெய்த துணிக்கும் இது வரும், ஆனா பனியன் துணி அளவுக்கு இழுத்தா குடுக்காதுன்னு நினைக்கறேன், சரியா சார்?

இன்னொரு சந்தேகம். எங்கிட்ட ஒரு பொண்ணு குர்தி கொண்டு வந்தா, காட்டன்னு சொல்லி வாங்கிருக்கா, துவைச்சதும் முட்டிக்கு மேல ஏறிடுச்சு. தொட்டா ஜில்லுன்னு வழுக்கிக்கிட்டு விழுது. அதையும் இப்படி இழுக்கலாமா?

நிட்_ராஜா
ஜெயந்திம்மா நீங்க சொன்னது சரி. நெய்த துணில வளையம் கிடையாது, பாவு நூலும் ஊடை நூலும் ஒண்ண ஒண்ணு மேல கீழ தாண்டிப் போகும். தறில பாவு விறைப்பா இருக்கும், கைத்தறின்னா கஞ்சி வேற போட்டிருக்கும், நனைஞ்சு கஞ்சி போனதும் பாவு வளைஞ்சு வளைஞ்சு ஊடைய சுத்திக்கும், நீளம் குறையும். அந்த வளைவ ஈரத்துல இழுத்து கொஞ்சம் நிமித்தலாம், ஆனா பனியன் துணிய விட ரொம்பக் கம்மியாத்தான் குடுக்கும்.

அந்த குர்திய தயவுசெஞ்சு ஈரத்துல இழுக்காதீங்க. நீங்க சொல்ற மாதிரி ஜில்லுன்னு வழுக்கிட்டு விழுதுன்னா அது ரேயானா இருக்கும். காட்டன் நனைஞ்சா பலம் கூடும், அதனாலதான் நாம தைரியமா இழுக்கறோம். ரேயான் நனைஞ்சா பாதி பலம் போயிடும், இழுத்தா பிஞ்சுரும். ஓரத்துலருந்து ரெண்டு நூல் உருவி ஒண்ண காய்ஞ்சபடியே இழுத்து அறுங்க, இன்னொண்ண எச்சில் தொட்டு நனைச்சு அந்த இடத்துல இழுங்க. நனைஞ்ச இடத்துல பட்டுன்னு அறுந்தா ரேயான். இழுக்காம, அரை ஈரமா இருக்கறப்ப இஸ்திரி போட்டு எவ்ளோ வருதோ அவ்ளோதான் எடுக்கணும்.

திருவாரூர்_ஜெயந்தி
இப்பவே நூல் உருவிப் பாத்தேன் சார், நனைஞ்ச இடத்துல இழுக்கறதுக்கு முன்னாடியே விட்டுக்குச்சு. நல்லவேளை கேட்டேன். கீழ ஒரு பார்டர் ஒட்டிக் குடுத்துடறேன்.

தஞ்சை_கார்த்தி
எனக்கு இந்த கண்டிஷனர் விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, அதனால பண்ணிப் பாத்துட்டு வந்து எழுதறேன். ஒரே பாக்கெட்ல வந்த ரெண்டு வெள்ளை பனியன், ரெண்டையும் அத்தை வீட்டு டிரையர்ல போட்டு சுருக்குனேன், ரெண்டும் 4 செ.மீ. குறைஞ்சுது. ஒண்ண வெறும் வெதுவெதுப்பான தண்ணிலயும் இன்னொண்ண கண்டிஷனர் தண்ணிலயும் அதே அரை மணி நேரம் ஊறவெச்சேன். ராஜா அண்ணன் சொன்ன மாதிரி தடவி இழுத்து கனம் வெச்சு காயவெச்சேன். வெறும் தண்ணி பனியன் 2.5 செ.மீ. திரும்ப வந்துச்சு, கண்டிஷனர் பனியன் 3 செ.மீ. இழுக்கறப்ப கண்டிஷனர் போட்டது கைக்கு சுலபமாத்தான் இருந்துச்சு, அது உண்மை. ஆனா அரை சென்டிமீட்டர் என் கை இழுப்பு வித்தியாசமாவும் இருக்கலாம். நான் வெறும் தண்ணியே போதும்னு நினைக்கறேன்.

குடந்தை_பாலா
அரை சென்டிமீட்டர்னாலும் கூடத்தானே வந்துருக்கு. ஒரே ஒரு ஜோடி பனியன வெச்சு எப்படி முடிவு பண்றீங்க, நாலஞ்சு ஜோடி பண்ணா தெரியும்.

நிட்_ராஜா
கார்த்தி பண்ணது நல்லது, ஆனா பாலா சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஒரு ஜோடில முடிவு சொல்ல முடியாது. என் கணக்குல தண்ணியும் காய வெக்கற விதமும்தான் பெரும்பங்கு. கண்டிஷனர் கைக்கு உதவி. துணி தடிமனா இருந்தா அந்த உதவி கூட தெரியலாம்.

மாயவரம்_வித்யா
ஞாயித்துக்கிழமை பண்ணிட்டேன்! எல்லாம் எழுதறேன், யாருக்காவது உதவும்.

ஊறவெச்சு டவல்ல அமுக்கி வேட்டில போட்டப்ப 66.5 இருந்துச்சு. மொத சுத்து தடவுனப்பவே 69 வந்துடுச்சு, அவ்ளோ சுலபமா வரும்னு நினைக்கல, துணி கைக்கடியில மெதுவா நகர்றது தெரியுது. 69க்கு மேல முரண்டு புடிச்சுது. அரிசிப் பைய வெச்சேன், நாலு தடவை இழுத்து 72 வரைக்கும் கொண்டு வந்தேன், 73 கோட்ட தொடவே இல்ல. வலது பக்க தையல் கிட்ட படக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு, அதோட நிறுத்திட்டேன், பாத்தா ஒரு தையல் நூல்தான், துணிக்கு ஒண்ணுமில்ல. சாயந்திரம் இஸ்திரி போட்டு முடிச்சப்ப 70.5. காலைல எடுத்துப் பாத்தா 70. அகலம் 52லருந்து 51.5 ஆயிடுச்சு, நீளத்துக்கு இழுத்தா அகலம் கொஞ்சம் உள்ள போகுது போல. தம்பி போட்டுப் பாத்தான், கைய தூக்குனாலும் வயிறு தெரியல, அவனுக்கு ரொம்ப சந்தோஷம்.

ஒரு சின்ன குறை, கீழ் மடிப்பு லேசா அலை அலையா இருக்கு. அப்புறம் சைடு தையல் நேரா இல்லாம முன்பக்கமா திரும்பி வந்துருக்கு, இழுத்ததால ஆச்சா?

நிட்_ராஜா
ரொம்ப சந்தோஷம்மா, 5 செ.மீ.ல 4 திரும்ப வந்தது நல்ல வரவு. அகலம் உள்ள போனது சரிதான், வளையத்த நீட்டுனா அது ஒல்லியாத்தானே ஆகும்.

சைடு தையல் திரும்புனது நீங்க இழுத்ததால இல்ல, நூல்ல இருக்கற முறுக்கு ஈரத்துல விட்டுக்கறப்ப துணி ஒரு பக்கமா சாயும், டிரையர்லயே திரும்பிருக்கும், இப்பதான் கவனிச்சிருப்பீங்க. அத சரி பண்ண வழி கிடையாது. கீழ் மடிப்பு அலைக்கு, அந்த இடத்த மட்டும் ஈரமாக்கி, இழுக்காம மேலருந்து அமுக்கி அமுக்கி இஸ்திரி போடுங்க, உள்ள ஒடுங்கும்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. இது வேட்டில போடற இஸ்திரி மடிப்பு மாதிரிதான். தண்ணி பட்டா மறுபடி தளரும். பாலியஸ்டர சூட்டுல ஒரு வடிவத்துல நிறுத்தலாம், காட்டன அப்படி நிறுத்த முடியாது. இனிமே பச்சத்தண்ணில கையால துவைச்சு, தோள்ல ஹேங்கர் போடாம, தலைகீழா கீழ் மடிப்ப கொடில ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு தொங்க விடுங்க, தோள் பக்க கனம் கீழ இழுக்கும்.

மாயவரம்_வித்யா
அண்ணே நீங்க சொன்ன மாதிரியே பச்சத்தண்ணில துவைச்சு தலைகீழா தொங்க விட்டேன், இன்னைக்கு காய்ஞ்சுது. 70லருந்து 68.5 ஆயிருக்கு. திரும்ப ஈரத்துல ஒரு பத்து நிமிசம் தடவி விட்டுட்டு தொங்க விட்டிருந்தா நின்னிருக்குமோ?

நிட்_ராஜா
நின்னிருக்கும்மா. ஒவ்வொரு துவைப்புலயும் கொடில போடறதுக்கு முன்னாடி பாய்ல ரெண்டு தடவல், அத பழக்கமாக்கிட்டா 69, 70லயே வெச்சுக்கலாம். அதுக்கு மேல அந்த சட்டைக்கிட்ட எதிர்பாக்காதீங்க.

நாகை_அப்துல்
ராஜாண்ணே, என் ஸ்வெட்டர பையனுக்கே குடுத்துட்டேன், நல்லா சூடா இருக்குன்னு போட்டுக்கிட்டு சுத்தறான். எனக்கு வேற ஒரு கேள்வி. பேன்ட்ல கொஞ்சம் எலாஸ்டிக் கலந்த காட்டன் இருக்குல்ல, அது டிரையர்ல போய் சுருங்கிருக்கு, அதையும் இப்படி இழுக்கலாமா?

நிட்_ராஜா
அதுல எச்சரிக்கையா இருங்க பாய். இழுத்தா அந்த எலாஸ்டிக் நூல் திரும்ப உள்ளதான் இழுக்கும், நீங்க நிறுத்துன இடத்துல நிக்காது. டிரையர் சூட்டுல அந்த நூலே செத்துப் போயிருந்தா முட்டி பக்கம் தொள தொளன்னு ஆயிரும். லேபிள்ல எத்தனை சதவீதம் போட்டிருக்குன்னு பாத்து சொல்லுங்க, துணிய ரெண்டு கையால இழுத்து விட்டா திரும்பி வருதான்னும் பாருங்க.

நாகை_அப்துல்
லேபிள் துவைச்சு துவைச்சு அழிஞ்சு போச்சுண்ணே. இழுத்தா வருது, விட்டா மெதுவா பாதி தூரம் போய் நின்னுடுது.